கடைசி நாலு வரி

“தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து” என்று வாத்தியார் வாசித்து மூச்சு வாங்கியபோது, முறத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்த அப்பாயி கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

“சூழன்னா எத்தனை பேரு?”

வாத்தியார் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பெரியப்பா பார்க்கவில்லை. அவர் கையில் இருந்த சிவகாசி ஆல்பத்தில் எந்த அட்டை விலை குறைவு என்று தேடிக்கொண்டிருந்தார்.

“அது ஒரு வழக்கம்மா. எல்லாரும் போடறது.”

“எல்லாரும் போடறாங்க, சரி. சூழ வந்துட்டா யாரு பொங்கறது?”

1981, ஆவணி பிறந்த மறுநாள். மருங்காபுரியில் எங்கள் வீட்டுத் திண்ணை. சின்ன அத்தையின் கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, அந்த மாதக் கடைசி வளர்பிறையில் ஒரு வியாழக்கிழமை. எனக்குப் பத்து வயது. கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால் வாத்தியார் சொல்லச் சொல்லக் கோடு போட்ட நோட்டில் எழுதும் வேலை எனக்கு வந்தது. அத்தை நிலைக்கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றிய காகிதம்தான். ஆனால் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மேல்பாதி எழுதுவதில் சிக்கல் இல்லை. பிள்ளையார் சுழி, அதன் கீழே சாமி பெயர், அதன் கீழே ‘அன்புடையீர்’. அந்த ஆண்டின் பெயர் வந்தபோது மட்டும் ஒரு சின்னத் தடுமாற்றம். அது துன்மதி வருடம். ‘நிகழும் மங்களகரமான துன்மதி வருடம்’ என்று எழுதியதும், துன்மதி என்றால் என்ன என்று நான் கேட்டேன். கெட்ட புத்தி என்று வாத்தியார் மெதுவாகச் சொன்னார். மங்களகரமான கெட்ட புத்தி வருடமா என்று அத்தை கதவுக்குப் பின்னால் சிரித்தது எனக்குக் கேட்டது. அறுபது வருடத்துக்கும் பெயர் வைத்தவர்கள் கல்யாணப் பத்திரிகையை நினைத்து வைக்கவில்லை, என்ன செய்வது என்றார் வாத்தியார்.

மாப்பிள்ளைக்குத் ‘திருவளர்செல்வன்’ என்று எழுதும்போது, நடுவில் ‘ச்’ வரக்கூடாது என்று அழுத்திச் சொன்னார். வளர்செல்வன் வினைத்தொகை, ஒற்று மிகாது. ஊரில் பாதிப் பத்திரிகையில் அந்த ‘ச்’ உட்கார்ந்திருக்கும். இன்றைக்கும் ஒரு பத்திரிகை கைக்கு வந்தால் என் கண் முதலில் அங்கேதான் போகிறது. இது ஒரு வியாதி.

சிக்கலெல்லாம் கடைசி நாலு வரியில்தான் வந்தது. அழைப்பு என்பதே அந்த நாலு வரிதான். மேலே உள்ளதெல்லாம் யார், என்று, எங்கே என்ற தகவல். கீழே வந்த பிறகுதான் ‘வாங்க’ என்கிற சொல் வருகிறது. வாத்தியாரின் வாசகம் இது: ‘தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து மணமக்களை ஆசிர்வதிக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.’ அவர் சின்னப் பையனாக இருந்தபோது இதே இடத்தில் ‘இஷ்டமித்திர பந்துக்களுடன் விஜயம் செய்து’ என்று இருந்ததாம். அதைத் தமிழாக்கியதில் அவர் தலைமுறைக்கு ஒரு பெருமை உண்டு. விஜயம் போய் வருகை வந்தது. ஆனால் விறைப்பு போகவில்லை என்பதை அவரும் ஒப்புக்கொள்வார், அப்பாயி மாதிரி யாராவது கேட்டால்.

முதல் ஆட்சேபணை மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஏற்கனவே வந்திருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா கறுப்புச் சட்டைக்காரர். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் சட்டத்தின் அங்கீகாரம் கிடைத்தபோது ஊருக்கு மிட்டாய் கொடுத்தவர் என்று சொல்வார்கள். தாலி, மேளம், முகூர்த்தம் எல்லாவற்றுக்கும் அவர் விட்டுக்கொடுத்துவிட்டார். பத்திரிகையில் ‘ஆசிர்வதிக்க’ மட்டும் வேண்டாம், ‘வாழ்த்த’ என்று போடுங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார். பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆசிர்வாதம் பெரியவர்கள் செய்வது, வாழ்த்து மேடையில் செய்வது என்பது அவர் கணக்கு.

“ரெண்டும் வேண்டாம்” என்றாள் அப்பாயி. “புள்ளைகளைப் பாத்து என்ன சொல்வோம்? நல்லா இருங்கன்னு சொல்வோம். அதைப் போடு.”

வாத்தியார் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஆசிர்வதிக்க வயது வேண்டும். மேடைகளில் வயதில் சின்னவர்கள் ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்’ என்று சொல்லித் தப்பிக்கிற வழக்கமே அதனால் வந்ததுதான். நல்லா இரு என்று யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம். கறுப்புச் சட்டைக்காரரும் சொல்வார், கோயில் பூசாரியும் சொல்வார். ஒரு வாரமாக இரண்டு வீட்டுக்கும் நடுவே நின்ற சண்டை அங்கே முடிந்தது. முடிந்ததை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் அப்பாயி அடுத்ததற்குப் போய்விட்டாள்.

“நீங்க எழுதினதை விடுங்க வாத்தியாரய்யா. ஒரு வீட்டுக்குப் போயி வெத்தலை பாக்கு வச்சு அழைக்கிறோம். அங்க என்ன சொல்றோம்? கேட்டுக்கொள்கிறோம்னா சொல்றோம்?”

“நீங்கதான் சொல்லுங்களேன்மா, எப்படிச் சொல்வீங்கன்னு.”

முறத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, எதிரே இருந்த தூணைப் பார்த்து அப்பாயி அழைத்தாள். அங்கே ஒரு வீடு இருப்பது போலவும், அந்த வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து நிற்பது போலவும்.

“எங்க வீட்டுப் புள்ளைக்கு அப்பா இல்லை. நீங்கள்லாந்தான் முன்னால நின்னு நடத்திக் குடுக்கணும். மொதநாளே வந்துருங்க. புள்ளை தலையில கைய வச்சு நல்லா இருன்னு சொல்லுங்க. இருந்து சாப்ட்டுப் போங்க, வெறும் வயித்தோட போயிராதீங்க.”

நான் அப்படியே எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது பெரியப்பா ஆல்பத்தை மூடி வைத்திருந்தார்.

“அப்பா இல்லைங்கிறதை மங்கள காரியத்துல போடக்கூடாது ஆத்தா” என்றார்.

“போடாதே” என்றாள். “இல்லாதது எல்லாருக்கும் தெரியும்.”

தாத்தா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மேலே தாத்தா பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ என்று போட்டாயிற்று. ‘இப்படிக்கு’ என்ற இடத்தில் பெரியப்பா பெயரும் பெரியம்மா பெயரும். அப்பாயியின் பெயர் பத்திரிகையில் எங்கேயும் இல்லை. புருசன் போனவள் பெயரை மஞ்சள் தடவும் காகிதத்தில் போடமாட்டார்கள். இதை யாரும் முடிவு செய்ததாகவோ, பேசியதாகவோ எனக்கு நினைவில்லை. பேசாமலே முடிவாகிப்போன விஷயங்களில் அதுவும் ஒன்று.

மிச்சமிருந்த நாலு வாக்கியத்தை வாத்தியார் பத்திரிகைத் தமிழுக்குக் கொண்டுவந்த விதத்தை அப்போது நான் வேடிக்கைதான் பார்த்தேன். அதன் அருமை பிற்பாடு பத்திரிகை ஆபீசில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தி வயிறு வளர்க்கத் தொடங்கியபோது புரிந்தது. பேச்சை எழுத்தாக்கும்போது எல்லோரும் முதலில் செய்கிற தப்பு, வாக்கியங்களை ஒன்றாகத் தைத்துவிடுவது. வந்து, இருந்து, நடத்தி, வாழ்த்தி என்று வினையெச்சங்களை வரிசையாகக் கோத்துக் கடைசியில் ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்று முடிச்சுப் போடுவோம். அப்படிப் போட்டதும் வாக்கியத்தின் முற்றுவினை அழைக்கிறவன் கைக்குப் போய்விடுகிறது. வரப்போகிறவருக்குச் சொந்தமாக ஒரு வினைமுற்று கூட மிஞ்சாது. அவர் வருவதும் வாழ்த்துவதும் நம் வேண்டுகோளுக்குள் அடைபட்டுக் கிடக்கும். தாசில்தார் ஆபீஸ் நோட்டீசிலும் இதே அமைப்புத்தான், அதனால்தான் இரண்டும் ஒரே குரலில் பேசுகின்றன. வாத்தியார் தைக்கவில்லை. அப்பாயி நிறுத்திய இடத்திலெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தார். ‘தாங்கள்’ என்பதைத் தூக்கினார். வந்துவிடுங்கள் என்றாலே அதற்குள் ‘நீங்கள்’ இருக்கிறது, தனியாக எதற்கு என்றார்.

தலையில் கைவைத்து என்பதில் மட்டும் அவருக்குத் தயக்கம். “தலையில கை வச்சா பஸ்மாசுரன் ஞாபகம் வருதும்மா. இல்லாட்டி எவனோ மொட்டை அடிச்ச மாதிரி இருக்கு” என்றார். அப்பாயி சிரித்துவிட்டாள். கடைசியில் ‘தலை தொட்டு’ என்று ஆயிற்று.

நோட்டில் நின்றது இது:

‘முதல் நாளே வந்துவிடுங்கள். முன்னால் நின்று நடத்திக் கொடுங்கள். எங்கள் பிள்ளைகளைத் தலை தொட்டு, நன்றாக இருங்கள் என்று சொல்லுங்கள். இருந்து சாப்பிட்டுப் போங்கள்.’

கடைசிச் சொல் அச்சில் இப்படி வரவில்லை. அதற்குக் காரணம் அப்பாயியும் இல்லை, வாத்தியாரும் இல்லை.

மறுநாள் பெரியப்பா என்னையும் கூட்டிக்கொண்டு மணப்பாறைக்குப் பஸ் ஏறினார். அச்சகம் ஒரு நீள அறை. மண்ணெண்ணெயும் மசியும் கலந்த வாசனை. உள்ளே டிரெடில் மிஷின் காலால் மிதிபட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும் ஒருவர் அட்டையை வைத்து, மூடித் திறந்ததும் எடுத்து, அடுத்ததை வைத்தார். விரல் போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சுவரோரம் சாய்வாக நின்ற கேஸ்களில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன அறைகள். அதில் ஈய எழுத்துகள். கம்பாசிட்டர் ஸ்டிக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, அறைகளைப் பார்க்காமலே எழுத்து பொறுக்கினார். ‘கி’ தனி எழுத்து, ‘கு’ தனி எழுத்து. ஆனால் ‘கொ’ என்றால் மூன்று துண்டு: கொம்பு ஒன்று, க ஒன்று, கால் ஒன்று. இதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

நோட்டைப் படித்துவிட்டுக் கம்பாசிட்டர் பெரியப்பாவைப் பார்த்தார்.

“கீழ நாலு வரி எதுக்குண்ணே மாத்தறீங்க? ரெடியா கட்டி வச்சிருக்கேன். பேரு, தேதி, எடம் மட்டும் கோக்கணும். சாயங்காலமே குடுத்துருவேன்.”

ஒரு தட்டை இழுத்துக் காட்டினார். ‘தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ’ என்று தொடங்கும் வரிகள், கோத்தபடியே, சுற்றிலும் நூல் கட்டி வைக்கப்பட்டிருந்தன. எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி இருந்தன. ஒரு கல்யாணம் முடிந்ததும் பெயர்களை மட்டும் கலைத்துக் கேஸில் பிரித்துப் போட்டுவிடுவார்கள். இந்த வரிகளைக் கலைப்பதில்லை. அடுத்த கல்யாணத்துக்கு அப்படியே தூக்கி வைப்பார்கள். காதுகுத்து என்றால் ‘மணமக்களை’ எடுத்துவிட்டுக் ‘குழந்தையை’ வைப்பார்கள், அவ்வளவுதான். ஊர் ஊராக எல்லாப் பத்திரிகையும் ஒரே குரலில் அழைத்ததற்கு நம் ஆட்களுக்குச் சொல் வராதது காரணமில்லை என்று அன்றே தெரிந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த நூல் கட்டிய ஈயம் பார்க்க ஒரு வெல்லக்கட்டி மாதிரி இருந்தது என்பதுதான்.

பெரியப்பா தயங்கினார். புது மேட்டர் கோத்தால் கூலி கூடும், ஒரு நாள் தள்ளிப் போகும். வீட்டில் முறத்தோடு உட்கார்ந்திருப்பவளை நினைத்திருக்க வேண்டும். “கோத்துருங்க” என்றார்.

முன்னூறு பத்திரிகை. அதில் பாதிக்கு மேல் புக் போஸ்டில் போகவேண்டியவை. உறையை ஒட்டாமல் வெறுமனே மடித்துச் செருகி அனுப்பினால் அப்போது தபால் கட்டணம் குறைவு. ஆனால் அச்சடித்தது தவிர உள்ளே கையால் கடிதம் எழுதக்கூடாது. திருப்பூருக்கும் பம்பாய்க்கும் போன சொந்தக்காரர்களுக்கு, ‘மறக்காமல் வாங்க மாப்ளே’ என்று ஓரத்தில் ஒரு வரி கிறுக்க முடியாது. அச்சில் என்ன இருக்கிறதோ அதுதான் அவர்களுக்குக் கேட்கும் குரல். அப்பாயிக்குப் புக் போஸ்ட் விதி தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நேரில் போகமுடியாத வீட்டுக்குத் தன் வாய்ச்சொல் போகவேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

மத்தியானத்துக்கு மேல் கம்பாசிட்டர் எங்களைக் கூப்பிட்டார். “ங் தீந்துபோச்சுண்ணே” என்றார்.

அவரிடம் இருந்த பதினாலு பாயிண்ட் தடித்த எழுத்தில் ‘ங்’ குறைவு. நூல் கட்டி வைத்த மேட்டர்களில் கொஞ்சம் சிறைப்பட்டிருந்தது. எங்கள் வரிகளிலோ வந்துவிடுங்கள், கொடுங்கள், எங்கள், இருங்கள், சொல்லுங்கள் என்று வரிக்கு வரி ‘ங்’. கடைசியாகப் ‘போங்கள்’ வந்தபோது அறை காலி. “போகவேண்டும்னு வச்சுக்கலாமா? கால் வேணும்னா இருக்கு, கொம்பு இருக்கு, ங் மட்டும் இல்லை.”

அப்படித்தான் ‘இருந்து சாப்பிட்டுப் போகவேண்டும்’ ஆயிற்று. மூன்று வாக்கியம் கெஞ்சலாக இருக்கிறது, நாலாவது மட்டும் அதட்டலாக இருக்கிறது, அம்மாவின் குணம் அப்படியே வந்திருக்கிறது என்று வாத்தியார் பிற்பாடு வியந்தார். நான் உண்மையைச் சொல்லவில்லை.

புரூப் வந்தது. பெரியப்பா தேதியையும் தன் பெயரையும் பார்த்துவிட்டுச் சரி என்றார். பெரியவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள், பிழை ஒருபோதும் அங்கே இருக்காது. அங்கே சுவரில் ஓர் ஆணியில் பழைய பத்திரிகை ஒன்று குத்தியிருந்தது, ‘மணமக்களை தாழ்த்தியருள வேண்டுகிறோம்’ என்று. கலைத்துப் போடும்போது ‘வ’ அறையில் ஒரு ‘த’ விழுந்துவிட்டது, கை பார்க்காமல் எடுத்துக் கோத்துவிட்டது. தனக்குப் பாடமாக மாட்டி வைத்திருப்பதாகக் கம்பாசிட்டர் சொன்னார். அதைப் பார்த்த பயத்தில் நான் எங்கள் புரூப்பை ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். ‘தலை தெட்டு’ என்று இருந்தது. தொவுக்குக் கால் இல்லை. சொன்னதும் கம்பாசிட்டர் என் தலையைத் தடவிவிட்டு ஒரு காலைச் செருகினார். வீட்டுக்கு வந்து வாத்தியாரிடம் சொன்னபோது, தெட்டுவது என்றால் ஏமாற்றுவது என்று ஒரு அர்த்தம் உண்டு, தப்பித்தோம் என்றார். அந்தக் காலுக்குக் கூலியாகப் பெரியப்பா எனக்கு ஒரு பொட்டலம் மணப்பாறை முறுக்கு வாங்கிக் கொடுத்தார்.

இன்னொன்றும் கேட்டேன். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் புது ‘ணை’தான், புது ‘லை’தான். புரூப்பில் கீழே ‘தலை’யும் ‘பிள்ளை’யும் புது மாதிரி இருந்தன. உச்சியில் ‘ஸ்ரீ விநாயகர் துணை’யில் மட்டும் தும்பிக்கை வைத்த பழைய ‘ணை’. எங்கள் டீச்சர் இப்படிப் போட்டால் அடிப்பார் என்றேன்.

“ஊருக்கெல்லாம் புது எழுத்து தம்பி” என்றார் கம்பாசிட்டர். “பிள்ளையாருக்குத் தும்பிக்கை வேணுமா வேண்டாமா?”

பத்திரிகைக் கட்டு வந்த ராத்திரி, நாலு மூலைக்கும் மஞ்சள் தடவ நாங்கள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். அப்பாயி தடவவில்லை. தள்ளி உட்கார்ந்து மஞ்சளைக் குழைத்து மட்டும் கொடுத்தாள். முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு, இரண்டாவது தாய்மாமன் வீட்டுக்கு. பிறகு வளநாடு, துவரங்குறிச்சி, விராலிமலைப் பக்கம் என்று பெரியப்பாவும் அப்பாவும் ஆளுக்கொரு திசையில் கிளம்பினார்கள். பங்காளி வீட்டுக்குத் தபாலில் போகக்கூடாது. ‘தபால்ல வந்துச்சு’ என்று ஒரு சொல் வந்துவிட்டால் அடுத்த தலைமுறை வரைக்கும் அது தீராது. உறையில் ‘குடும்பத்தினர்’ என்று எழுத விட்டுப்போனாலும் அதே கதிதான், ஒற்றை ஆளாக வந்து கைநனைக்காமல் போய்விடுவார்கள்.

‘முதல் நாளே வந்துவிடுங்கள்’ என்பதை ஊர் இவ்வளவு நேராக எடுத்துக்கொள்ளும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ‘வருகை தந்து’ என்று போட்டால் முகூர்த்தத்துக்கு அரைமணி முன்னால் வருவார்கள். இந்தப் பத்திரிகையைப் படித்தவர்கள் புதன்கிழமை மத்தியானமே மூட்டையோடு இறங்கத் தொடங்கினார்கள். பொழுது சாய்வதற்குள் பந்தல் நிறைந்து, திண்ணை நிறைந்து, எதிர்வீட்டுத் திண்ணையும் நிறைந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போட்ட கணக்குத் தப்பி, இரண்டாம் முறை உலை வைக்கவேண்டியதாயிற்று. பாய் போதவில்லை. பெரியப்பா தெருத் தெருவாகப் பாய் இரவல் கேட்டுக்கொண்டே வாத்தியாரைத் திட்டினார்.

“எழுதினது நானில்லையப்பா” என்றார் வாத்தியார். “அழைச்சாச்சு, வந்துட்டாங்க. உன் ‘சுற்றமும் நட்பும் சூழ’வைப் போட்டிருந்தா நிம்மதியாத் தூங்கிருக்கலாம்.”

அது உண்மைதான். சம்பிரதாய வாசகத்துக்கு ஒரு சௌகரியம் உண்டு. அதை யாரும் படிப்பதில்லை, ஆகவே யாரையும் கட்டுப்படுத்துவதும் இல்லை. மனசிலிருந்து எழுதினால் எழுதியபடி செய்யவேண்டும். பிற்காலத்தில் சொந்தக்காரர்களும் நண்பர்களும் பத்திரிகை எழுதித்தரச் சொல்லி என்னிடம் வரும்போது இதைத்தான் முதலில் எச்சரிக்கிறேன். பிறகு, எதிரே உட்காரவைத்து, நான் ஒரு பங்காளி என்று நினைத்து என்னை அழையுங்கள் என்கிறேன். பாதிப் பேர் வெட்கப்பட்டுச் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் அழைக்கிறார்கள், நான் எழுதிக்கொள்கிறேன். ‘இரு மனங்கள் இணையும்’ வகையறாவை அடித்துவிடுகிறேன். அதுவும் நூல் கட்டி வைத்த மேட்டர்தான், என்ன, ஈயத்தில் இல்லை. ஒருவர் மட்டும் ‘இதையே நேரில் வந்து அழைத்ததாகக் கருதி’ என்பதை விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். அப்பாயி உயிரோடு இருந்த காலத்தில் அப்படி ஒரு பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. நான் வாசித்துக் காட்டியதும், “வரலைங்கிறதையும் அச்சடிச்சே சொல்லிட்டானா!” என்றாள். போய் மொய் மட்டும் வைத்துவிட்டு வரச் சொன்னாள்.

வியாழக்கிழமை முகூர்த்தம் நேரத்துக்கு நடந்தது. கறுப்புச் சட்டைக்காரரும் தாய்மாமனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பொண்ணு மாப்பிள்ளையைத் தொட்டு, ‘நல்லா இருங்க’ என்று சொல்லாமல் யாரும் மணவறையைத் தாண்டவில்லை. பத்திரிகையில் சொல்லியிருந்ததாலா, எப்போதுமே அப்படித்தானா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஐந்து வயதுப் பொடியன் ஒருவன் கூட எட்டி அத்தையின் தலையைத் தொடப் பார்த்து, கை எட்டாமல் மாலையைப் பிடித்து இழுத்துவிட்டான்.

அப்பாயி முன்னால் வரவில்லை. கொல்லையில் கோட்டை அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, புளி கரைத்துக்கொண்டிருந்தாள். மேளச் சத்தம் ஓங்கியபோது கை ஒரு நிமிடம் நின்றது. பிறகு மறுபடியும் கரைத்தாள்.

சாப்பாடெல்லாம் முடிந்து, பொண்ணு மாப்பிள்ளை கிளம்ப வண்டி வாசலில் நின்றபோது, அத்தையைக் காணோம் என்று தேடினார்கள். நான்தான் பார்த்தேன். பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போயிருந்தாள். அப்பாயி அவளைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினாள். அத்தை விடவில்லை. புளிக்கை என்று அப்பாயி சொல்லச் சொல்ல, அந்தக் கையைப் பிடித்து எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். மல்லிகைப்பூவின் மேல் புளித்தண்ணீர் வழிந்தது.

நான் அப்பாயியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். தூணைப் பார்த்து அழைத்தவள், ஊருக்கே வார்த்தை எடுத்துக் கொடுத்தவள். அவளுக்குக் குரல் எழும்ப வெகுநேரம் ஆயிற்று.

“சாப்ட்டியாடி?” என்றாள்.